பட்டியலைக் கலைத்தால் சிலரே முன்னால் வருகிறார்களா? ஷஃபிள் கோடில் உள்ள கோளாறைப் பிடிக்கும் வழி

பெயர்ப்பட்டியல், வினாத்தாள், சீட்டுக்கட்டு என்று எதைக் கலைத்துப் போடும் கோடாக இருந்தாலும் வருகிற புகார் ஒன்றுதான்: "சார், இது ரேண்டம் மாதிரியே தெரியலையே." கோடைத் திறந்தால் லூப் இருக்கும், ரேண்டம் எண் இருக்கும், ஸ்வாப் இருக்கும். ஓட்டினால் எரர் எதுவும் வராது. பட்டியலும் கலைந்துதான் வரும். அதனால்தான் இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

கோடை வரிவரியாகப் படித்துத் தவறைத் தேடுவதைவிட, முதலில் அதை ஓட்டி எண்ணிப் பார்ப்பது எளிது. இந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவை எண்ணிக்கையில் தங்களுக்கே உரிய தடத்தை விட்டுப் போகும். அந்தத் தடத்தைக் கொண்டு எந்தப் பிழை என்று சொல்லிவிடலாம்.

## எதற்கும் முன்னால்: மூன்று எழுத்துச் சோதனை

A, B, C என்ற மூன்று எழுத்துகளை உங்கள் ஷஃபிளிடம் கொடுத்து 60,000 முறை கலைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிசையும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள்.

```python
import random
from collections import Counter

c = Counter()
for _ in range(60000):
    a = ["A", "B", "C"]
    my_shuffle(a)
    c["".join(a)] += 1
print(c)
```

மூன்று எழுத்துக்கு ஆறு வரிசைகள் உண்டு. கோடு சரியாக இருந்தால் ஒவ்வொன்றும் 10,000 முறையை ஒட்டி வரும். தற்செயலாக ஏறி இறங்குவது சாதாரணமாக 90 அளவில் இருக்கும். எனவே 9,700 முதல் 10,300 வரை எது வந்தாலும் கவலைப்பட வேண்டாம். அதைத் தாண்டிப் போனால் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் அதே வரிசை அதே பக்கம் விலகினால் கோளாறு உண்டு.

இதில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். `a = ["A", "B", "C"]` என்பது லூப்புக்கு உள்ளே இருக்கிறது. அதை வெளியே எழுதிவிட்டால், ஏற்கெனவே கலைந்த பட்டியலையே மறுபடி மறுபடி கலைப்பீர்கள். அப்போது தவறான ஷஃபிளும் பெரும்பாலும் ஆறு வரிசைகளையும் சமமாகக் காட்டும். ஒவ்வொரு சுற்றின் சாய்வும் வேறொரு தொடக்க வரிசையின் மேல் விழுவதால், மொத்தக் கணக்கில் அது கரைந்துவிடுகிறது. "டெஸ்ட் எல்லாம் பாஸ் சார், ஆனா லைவ்ல புகார் வருது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

எண்ணிக்கை வந்ததும் கீழே பொருந்தும் தலைப்புக்குப் போகலாம்.

## அறிகுறி 1: மூன்று வரிசைகள் 11,100 அளவில், மற்ற மூன்றும் 8,900 அளவில்

அதிகம் வருபவை ACB, BAC, BCA. குறைவாக வருபவை ABC, CAB, CBA. இப்படி வந்தால் கோடு அநேகமாக இப்படி இருக்கும்:

```python
def my_shuffle(a):
    n = len(a)
    for i in range(n):
        j = random.randrange(n)
        a[i], a[j] = a[j], a[i]
```

ஒவ்வொரு இடமாகப் போய், முழுப் பட்டியலிலிருந்து ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்து, இரண்டையும் மாற்றிப் போடுகிறது. படிக்க நியாயமாகத்தான் தெரிகிறது. யோசிக்காமல் எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் எழுதுவார்கள்.

காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தேர்வு. ஆக 3 × 3 × 3 = 27 வழிகள், எல்லாம் சம வாய்ப்புள்ளவை. அவை போய்ச் சேர வேண்டிய வரிசைகள் ஆறு. 27-ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதனால் சில வரிசைகளுக்கு ஐந்து வழிகளும் சிலவற்றுக்கு நான்கு வழிகளும் கிடைக்கின்றன. 60,000-ல் 5/27 என்றால் 11,111. 4/27 என்றால் 8,889. நீங்கள் எண்ணியது இதையேதான். நம்பிக்கை வராவிட்டால் 27 வழிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

### பெரிய பட்டியலில் இது எப்படித் தெரியும்?

பத்து மாணவர்கள், வாய்மொழித் தேர்வு. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி 1 முதல் 10 வரை எண்கள். தினமும் காலையில் புரோகிராம் அந்தப் பட்டியலை எடுத்து மேலே உள்ள கோடால் கலைத்து, யாரை முதலில் கூப்பிடுவது என்று சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் முதலில் போகும் வாய்ப்பு 10 சதவீதம் இருக்க வேண்டும். இந்தக் கோடில் கிடைப்பது இது:

```
 எண்    முதலில் வரும் வாய்ப்பு
  1       10.00%
  2       12.87%
  3       11.97%
  4       11.16%
  5       10.44%
  6        9.78%
  7        9.19%
  8        8.66%
  9        8.18%
 10        7.75%
```

இரண்டாம் எண்காரருக்கும் பத்தாம் எண்காரருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதலில் போகும் வாய்ப்பு முன்னவருக்குப் பின்னவரைப் போல ஏறத்தாழ 1.66 மடங்கு. "எப்பப் பார்த்தாலும் ரெண்டாம் நம்பரையே முதல்ல கூப்பிடுது" என்று வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தால் அது வெறும் பிரமை இல்லை.

பட்டியல் நீளமானால் சாய்வு தானாகக் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. 52 சீட்டுகளுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலிருந்து இரண்டாவது சீட்டு உச்சிக்கு வரும் வாய்ப்பு, இருக்க வேண்டியதைவிட 35 சதவீதம் அதிகம். அடிச்சீட்டு உச்சிக்கு வருவது 26 சதவீதம் குறைவு. நீளத்தால் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

### ஏமாற்றும் சோதனைகள்

மேலே உள்ள பட்டியலில் முதல் எண்காரருக்குச் சரியாக 10 சதவீதம் வந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது தற்செயல் இல்லை. இந்தத் தவறான ஷஃபிளில் பட்டியலின் முதல் ஆள் எந்த இடத்துக்குப் போனாலும் துல்லியமாகச் சம வாய்ப்புதான், ஏனென்றால் முதல் சுற்றிலேயே அவர் சமமாகச் சிதறிவிடுகிறார். அதேபோல் கடைசி இடத்தில் யார் வந்து உட்காருவார் என்பதும் துல்லியமாகச் சமம், ஏனென்றால் கடைசிச் சுற்று அந்த இடத்துக்கு ஆளைச் சமமாகத் தேர்ந்தெடுக்கிறது. சோதனை எழுதுகிறவர்கள் கை தானாகப் போவது இந்த இரண்டுக்கும்தான்: "முதல் ஐட்டம் எங்கே போகிறது?", "கடைசியில் எது வருகிறது?" இரண்டும் பாஸ் ஆகும், பிழை நடுவில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் முழு வரிசையை எண்ணச் சொல்கிறேன். நீளமான பட்டியலில் அது முடியாது. அங்கே முதல் இடத்துக்கு யார் யார் எத்தனை முறை வந்தார்கள் என்று எல்லோரையும் எண்ணுங்கள். பத்துப் பேரை ஒரு லட்சம் முறை கலைத்தால் ஒவ்வொருவரும் 10,000 முறையை ஒட்டி வர வேண்டும், 300-க்கு மேல் விலகக் கூடாது. இந்தக் கோடில் இரண்டாம் எண் 12,870-க்குப் போய் நிற்கும்.

### சரிசெய்வது

முதல் வழி செலவே இல்லாதது: உங்கள் மொழியில் ஏற்கெனவே இருப்பதைக் கூப்பிடுங்கள். பைத்தானில் `random.shuffle`, ஜாவாவில் `Collections.shuffle`, சி++-ல் `std::shuffle`, கோ மொழியில் `rand.Shuffle`. ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இப்படி ஒன்று தயாராக இல்லாததால், இந்தக் கோளாறு அங்கிருந்து வருவது அதிகம்.

சொந்தமாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால்:

```python
def my_shuffle(a):
    for i in range(len(a) - 1, 0, -1):
        j = random.randrange(i + 1)
        a[i], a[j] = a[j], a[i]
```

மாறியது என்ன? கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறோம். அந்த இடத்துக்கு இருக்கும் எல்லோரிலிருந்தும் ஒருவரைத் தேர்கிறோம். அவர் உட்கார்ந்ததும் அந்த இடத்தை இனித் தொடுவதில்லை. அடுத்த இடத்துக்கு மிச்சம் இருப்பவர்களிலிருந்து மட்டும் தேர்வு. மூன்று எழுத்துக்கு 3 × 2 = 6 வழிகள். வரிசைகளும் ஆறு. ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடுகிறது. பழைய கோடில் ஏற்கெனவே முடிவான இடங்களையும் மறுபடி கிளறிக்கொண்டிருந்தோம். கெடுத்தது அதுதான்.

ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-ல் தங்கள் புள்ளியியல் அட்டவணை நூலில், தாளும் பென்சிலும் கொண்டு செய்யும் முறையாக இதைத் தந்தார்கள். இடத்துக்குள்ளேயே ஸ்வாப் செய்யும் இன்றைய வடிவத்தை ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-ல் வெளியிட்டார். பேச்சில் ஃபிஷர்-யேட்ஸ் ஷஃபிள் என்பார்கள், சிலர் குனுத் ஷஃபிள் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

### செய்யக் கூடாத ரிப்பேர்

"சரி, பழைய கோடையே இரண்டு தரம் ஓட்டிவிடலாமே?" இதை அடிக்கடி கேட்கிறேன். இரண்டு தரம் ஓட்டினால் 27 × 27 = 729 வழிகள். அதுவும் ஒற்றைப்படை எண், ஆறால் வகுபடாது. பத்து தரம் ஓட்டினாலும் மூன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போவதுதான், அது இரட்டைப்படை ஆகவே ஆகாது. சாய்வு மெலியும், அவ்வளவுதான். ஒரு வரியைத் திருத்தினால் முற்றிலும் போய்விடும் பிழைக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு?

## அறிகுறி 2: சில வரிசைகள் வரவே இல்லை, அல்லது இரண்டு மட்டும் மற்றவற்றைப் போல இரு மடங்கு

இது நல்ல செய்தி. பெரும்பாலும் ஷஃபிளின் அமைப்பு சரி, ரேண்டம் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வரியில்தான் தவறு. எத்தனை வரிசைகள் வருகின்றன என்று பாருங்கள்.

### BCA, CAB இரண்டு மட்டும், தலா 30,000

சரியான ஷஃபிளில் `random.randrange(i + 1)` என்று இருக்க வேண்டிய இடத்தில் `random.randrange(i)` என்று இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் `Math.floor(Math.random() * i)`. அந்த `+ 1` போனதால், ஒருவர் இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்ளும் தேர்வு பறிபோய்விட்டது. விளைவு: யாரும் ஒருபோதும் தன் பழைய இடத்தில் வரமாட்டார்கள். பத்துப் பேர் பட்டியலில் முதல் எண்காரர் எத்தனை நாள் கலைத்தாலும் முதலாவதாக வரவில்லை என்றால் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழையுள்ள கோடு உண்மையில் வேறொரு பயனுள்ள வழிமுறை. 1986-ல் சாண்ட்ரா சட்டோலோ வெளியிட்டது. எல்லோரையும் ஒரே வட்டத்தில் கோர்க்கும் வரிசைகளை மட்டும் தரும். அலுவலகத்தில் யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று குலுக்கிப் போடும்போது யாருக்கும் தன் பெயரே வரக் கூடாது அல்லவா, அதற்கு இது பொருந்தும். அதைத் தெரிந்தே பயன்படுத்தினால் சரி. திருத்தம்: `+ 1` சேருங்கள்.

### நான்கு வரிசைகள் மட்டும், தலா 15,000, C கடைசியில் வருவதே இல்லை

அறிகுறி 1-ல் பார்த்த கோடுதான், கூடவே இன்னொரு தவறு: ரேண்டம் எண் கடைசி இடத்தைத் தொடவில்லை. `randrange(n - 1)` போல ஏதாவது இருக்கும். கடைசி ஆள் தன் முறை வரும்வரை அசையமாட்டார், தன் முறையில் கட்டாயம் வெளியேற்றப்படுவார்.

இந்த இரட்டைத் தவறு பணம் புரண்ட இடத்திலேயே நடந்திருக்கிறது. 1990-களின் இறுதியில் இணையப் போக்கர் தளங்களுக்கு மென்பொருள் கொடுத்த ஒரு நிறுவனம், தன் ஆட்டம் நேர்மையானது என்று காட்டுவதற்காகத் தன் ஷஃபிள் கோடைத் தானே வெளியிட்டது. அதில் `random(51)+1` என்று இருந்தது. பாஸ்கலில் `random(51)` தருவது 0 முதல் 50 வரை. ஒன்று கூட்டினால் 1 முதல் 51. 52 ஒருநாளும் வராது. ஆக 52-வது சீட்டு 52-வது இடத்தில் மட்டும் இருக்கவே முடியாது. ரிலயபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் ஆட்கள் 1999-ல் இதை எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் கண்ட இன்னும் பெரிய ஓட்டை அறிகுறி 4-ல் வருகிறது.

### ஆறும் வருகின்றன, ஆனால் ACB, CAB மட்டும் 15,000, மற்றவை 7,500

`Math.floor` இருக்க வேண்டிய இடத்தில் `Math.round`. `Math.round(Math.random() * i)` என்று எழுதினால் 0 முதல் i வரை எல்லா எண்களும் வரும், ஆனால் இரண்டு ஓரங்களுக்கும் பாதி வாய்ப்புதான். ரவுண்ட் செய்யும்போது நடு எண்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது, ஓரங்களுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும். திருத்தம்: `Math.floor(Math.random() * (i + 1))`.

## அறிகுறி 3: ஒரு பிரவுசரில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி

ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் பார்க்கிற நோய். கோடில் இந்த வரியைத் தேடுங்கள்:

```js
a.sort(() => Math.random() - 0.5);
```

ஒரே வரியில் முடிவதால் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. இது ஷஃபிளே இல்லை. வரிசைப்படுத்தும் ஃபங்ஷனிடம் "எது பெரியது?" என்று அது கேட்கும்போதெல்லாம் பூவா தலையா போட்டுப் பதில் சொல்கிறோம். விடை எப்படி வரும் என்பது அந்த இன்ஜின் எந்தச் சார்ட் முறையைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

சாதாரண இன்சர்ஷன் சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐட்டத்தை அதற்கு இடப்பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடும். பூ விழுந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி ஐட்டம் கடைசியிலேயே இருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம். மூன்று எழுத்துச் சோதனையில் ABC, BAC இரண்டும் தலா 15,000, மற்றவை தலா 7,500. குரோமில் உள்ள வி8 இன்ஜின் ஒருகாலத்தில் சின்னப் பட்டியல்களுக்கு இன்சர்ஷன் சார்ட்டைத்தான் வைத்திருந்தது. 2018-ல் டிம்சார்ட்டுக்கு மாறியது. கோடில் ஓர் எழுத்துகூட மாறாமல், பிரவுசர் அப்டேட் ஆனதும் சாய்வு வேறு பக்கம் திரும்பியிருக்கும். இப்படிப்பட்ட புகாரில் "நேற்று வரை நல்லாத்தான் இருந்துச்சு" என்பதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை.

இதற்கும் ஊரறிந்த உதாரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2010-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் பயனர்களுக்குப் பிரவுசர் தேர்வுப் பக்கம் ஒன்றைக் காட்டியது. முன்னணிப் பிரவுசர்கள் ஐந்தும் யாருக்கும் சாதகமில்லாமல் கலைந்த வரிசையில் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. கோடில் இருந்தது மேலே பார்த்த அதே தந்திரம். ராப் வியர் என்பவர் அந்தப் பக்கத்தை ஆயிரக்கணக்கில் ஓட்டி எண்ணினார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால், ஐந்தாவது இடத்தில் ஏறக்குறைய பாதி முறை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே இருந்தது. வேறு பிரவுசரில் திறந்தால் சாய்வு வேறு மாதிரி. சதி என்று பேசியவர்கள் உண்டு, ஆனால் வியரே இதை அனுபவமில்லாத கோடின் தவறு என்றுதான் பார்த்தார். மைக்ரோசாஃப்ட் அதன்பின் திருத்திவிட்டது.

திருத்தம்: அந்த வரியை அழித்துவிட்டு இதை வையுங்கள்.

```js
for (let i = a.length - 1; i > 0; i--) {
  const j = Math.floor(Math.random() * (i + 1));
  [a[i], a[j]] = [a[j], a[i]];
}
```

## அறிகுறி 4: எண்ணிக்கை சமமாக இருக்கிறது, ஆனால் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது

ஷஃபிள் சரி. அதற்கு ரேண்டம் எண் கொடுக்கும் இடத்தில் கோளாறு. எளியதிலிருந்து பார்ப்போம்.

முதலில் கேஷ். சர்வர் ஒருமுறை கலைத்த பட்டியலைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். கலைக்கும் இடத்தில் ஒரு லாக் வரி போடுங்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யும்போது அந்த வரி பதிவாகவில்லை என்றால் ஷஃபிள் ஓடவே இல்லை என்று பொருள்.

அடுத்து விதை எண். ரேண்டம் எண்கள் எல்லாம் தொடக்கத்தில் கொடுக்கும் ஒரு விதை எண்ணிலிருந்து கிளம்புபவை. அதே விதை என்றால் அதே வரிசை. யாரோ டெஸ்டுக்காக `random.seed(42)` என்று போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். சி மொழியில் `srand` கூப்பிடாமலே `rand` பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் `srand(1)` கொடுத்ததாகவே கணக்கு. புரோகிராமை மூடித் திறந்தால் அதே வரிசை வருகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு: ஒவ்வொரு முறை கலைக்கும் முன்பும் `srand(time(NULL))` கூப்பிடுவது. அது நொடிக்கு ஒருமுறைதான் மாறும். ஒரே நொடியில் நுழைந்த இரண்டு பேருக்கு ஒரே வினாத்தாள் வரிசை கிடைக்கும். விதையைப் புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை போட வேண்டும்.

கடைசியாக, விதையின் அளவு. 32 பிட் விதை என்றால் ஏறத்தாழ 429 கோடி வேறுபட்ட தொடக்கங்கள். 13 ஐட்டங்களுக்கே 622 கோடிக்கு மேல் வரிசைகள் உண்டு. ஆகவே 13-லிருந்தே சில வரிசைகள் வர வழியில்லை. 52 சீட்டின் வரிசைகள் 68 இலக்க எண். பாட்டு வரிசைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை, விட்டுவிடுங்கள். வர முடியாத வரிசைகள் எவை என்று யாரும் கவனிக்கப் போவதில்லை.

பணம் வைத்து ஆடும் இடத்தில் விட முடியாது. மேலே சொன்ன போக்கர் மென்பொருள், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி நொடி ஆனது என்பதை விதையாக எடுத்தது. ஒரு நாளில் இருப்பது 8 கோடியே 64 லட்சம் மில்லி நொடிகள்தான். சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்திசைத்து, அந்த ஆய்வுக் குழு அதை இரண்டு லட்சம் அளவுக்குச் சுருக்கியது. கையில் இரண்டு சீட்டு, மேசையில் மூன்று சீட்டு தெரிந்ததும், அதற்குப் பொருந்தும் விதையைக் கண்டுபிடித்து, எதிராளிகளின் சீட்டுகளையும் இனி வரப்போகும் சீட்டுகளையும் ஆட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள். ஃபிஷர்-யேட்ஸ் சரியாக எழுதியிருந்தாலும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

திருத்தம்: இயங்குதளமே தரும் பாதுகாப்பான ரேண்டம் எண்ணுக்கு மாறுங்கள். பைத்தானில் `random.SystemRandom().shuffle(a)`, ஜாவாவில் `Collections.shuffle(list, new SecureRandom())`. ஜாவாஸ்கிரிப்டில் `crypto.getRandomValues` உண்டு, ஆனால் அது பைட்டுகளாகத் தரும், அதை `% 52` என்று வெட்டாதீர்கள். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். 52-ஆல் வகுத்தால் 48 மீதி. ஆகவே 0 முதல் 47 வரை ஒவ்வொன்றும் ஐந்து முறை, 48 முதல் 51 வரை நான்கு முறை என்று புதிதாக ஒரு சாய்வை நீங்களே கொண்டுவந்துவிடுவீர்கள். 208 அல்லது அதற்கு மேல் வரும் பைட்டை எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள், பிறகு `% 52` போடலாம். ஒவ்வொரு சுற்றிலும் வகுக்கும் எண் மாறும், எறியும் எல்லையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

## அறிகுறி 5: எல்லாச் சோதனையும் பாஸ், புகார் மட்டும் நிற்கவில்லை

கோடைத் தொடாதீர்கள். சரியான ஷஃபிள் மனிதக் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பத்துப் பேரைக் கலைத்தால், குறைந்தது ஒருவராவது பழைய இடத்திலேயே இருப்பதற்கு 63 சதவீத வாய்ப்பு. "கலைக்கவே இல்லை, அஞ்சாம் நம்பர் அஞ்சாவதாவே இருக்கு" என்பார்கள். நேற்று முதலில் போனவரே இன்றும் முதலில் போக பத்தில் ஒரு வாய்ப்பு. ஒரு பருவத்தில் அது பலமுறை நடந்தே தீரும்.

இப்படிப் புகார் சொல்பவர் உண்மையில் கேட்பது வேறொன்று: நேற்று போனவர் இன்று போகக் கூடாது, எல்லோருக்கும் முறை வர வேண்டும். அது ஷஃபிள் இல்லை, சுற்றுமுறை. முழுப் பட்டியலை ஒருமுறை கலைத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக முதலில் கூப்பிட்டு, எல்லோரும் முடிந்ததும் மறுபடி கலையுங்கள். இதற்காக ஷஃபிளுக்குள் "நேற்று வந்தவர் என்றால் மறுபடி தேர்ந்தெடு" என்று `if` சேர்க்க ஆரம்பித்தால், அறிகுறி 1-ஐ வேறு வடிவில் நாமே கொண்டுவருகிறோம்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?

வகுப்பு, வினாடி வினா, அலுவலகக் குலுக்கல் வரை மேலே சொன்னது போதும். பணப் பந்தயம் உள்ள ஆட்டம் என்றால் நாமே எண்ணிப் பார்த்துத் திருப்திப்படுவது செல்லாது. விதை எங்கிருந்து வருகிறது, அதை வெளியிலிருந்து ஊகிக்க முடியுமா என்பதை எண்ணிக்கைச் சோதனையால் கண்டுபிடிக்கவே முடியாது. போக்கர் கோளாறில் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது. சூதாட்ட மென்பொருளின் ரேண்டம் எண்களைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன, உரிமம் தரும் அமைப்புகள் பெரும்பாலும் அந்தச் சான்றைத்தான் கேட்கும். மருந்துப் பரிசோதனையில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பிரிக்கும் பட்டியலையும் புரோகிராமர் தனியாகத் தயாரிக்கக் கூடாது. அங்கே இரு பிரிவிலும் ஆட்கள் சமமாக இருக்க வேண்டும், பட்டியல் சிகிச்சை தருபவருக்குத் தெரியக் கூடாது என்று வேறு நிபந்தனைகளும் உண்டு. அது புள்ளியியலாளர் வேலை. இட ஒதுக்கீடு, வீட்டுமனைக் குலுக்கல் போலத் தோற்றவர் நீதிமன்றம் போகக்கூடிய எதுவும் இதில் சேரும்.

கூப்பிடும்போது நான்கு விஷயங்களைத் தயாராக வைத்துக்கொண்டால் அவர்கள் நேரமும் உங்கள் காசும் மிச்சம்: ஷஃபிள் ஃபங்ஷன் முழுமையாக, மொழி மற்றும் லைப்ரரியின் பதிப்பு எண், விதை எண் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்ற வரி, மூன்று எழுத்துச் சோதனையின் ஆறு எண்ணிக்கைகள்.